நூறு சொல் நீளும் வாக்கியம்: நீதிமன்றத் தீர்ப்பைத் தமிழாக்குவது எப்படி?

ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றைத் தமிழாக்க முதல் முறை உட்காருபவர் செய்யும் முதல் காரியம், முற்றுப்புள்ளி எங்கே என்று தேடுவது. நாலு வரி போகும், ஆறு வரி போகும், அகப்படாது. நடுவில் ஓர் அடைப்புக்குறி வரும், அதற்குள் ஒரு விதிவிலக்கு இருக்கும். அப்புறம் சாய்வெழுத்தில் ஒரு லத்தீன் தொடர். வாக்கியம் ஒருவழியாக முடியும்போது, அது யாரைப் பற்றித் தொடங்கியது என்பதே மறந்துபோயிருக்கும்.

இப்படி எழுதுவதற்கு நீதிபதிகளின் பழக்கம் ஒரு காரணம்தான். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு விதியைச் சொல்லும்போது, அது எப்போது பொருந்தும், யாருக்குப் பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதையெல்லாம் ஒரே வாக்கியத்துக்குள் கட்டிவைத்தால், நாளைக்கு ஒரு வழக்கறிஞர் விதியை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டுப் போவது கடினம். ஆக, அந்த நீளம் ஒரு பூட்டு மாதிரி. வாக்கியத்தை உடைக்கலாம். ஆனால் உடைத்த பிறகும் நிபந்தனை விதியோடு பூட்டியே இருக்க வேண்டும். சிக்கல் முழுவதும் இங்கேதான்.

இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஓர் உண்மையான பத்தியை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்க்கலாம்.

நம் கையில் இருக்கும் பத்தி

1843-இல் இங்கிலாந்தில் ஹென்டர்சன் எதிர் ஹென்டர்சன் என்ற வழக்கில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் துணை வேந்தர் நீதிபதி சர் ஜேம்ஸ் விக்ரம். இங்கே வேந்தர் என்பது சான்சரி என்ற பழைய நீதிமன்ற அமைப்பின் பதவிப் பெயர். பல்கலைக்கழகத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நியூஃபவுண்ட்லாந்து நீதிமன்றம் ஏற்கெனவே முடித்துவைத்த குடும்ப வணிகக் கணக்குத் தகராறு ஒன்றை, அங்கே சொல்லாத விஷயங்களைச் சொல்லி இங்கிலாந்தில் மறுபடி எழுப்ப முடியுமா என்பது கேள்வி. முடியாது என்றார் விக்ரம். அதற்கு அவர் சொன்ன காரணம் இரண்டே வாக்கியம். முதல் வாக்கியம் ஆங்கிலத்தில் நூறு சொற்களைத் தாண்டும். இரண்டாவது அறுபதுக்குச் சற்றுக் குறைவு. நூற்றெண்பது ஆண்டுகளாகத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டப்பட்டுவரும் பத்தி என்பதால், மொழிபெயர்ப்பவர் கையில் என்றாவது ஒருநாள் இது வந்து விழ வாய்ப்பு அதிகம்.

முதல் வாக்கியத்தை ஆங்கிலத்தில் இருக்கும் வரிசையிலேயே துண்டுதுண்டாகத் தமிழில் சொல்கிறேன். இது மொழிபெயர்ப்பு ஆகாது, எலும்புகளை மேசைமேல் பரப்பிவைப்பது மட்டுமே.

நீதிமன்றத்தின் விதியைச் சரியாகச் சொல்கிறேன் என நம்புகிறேன். ஒரு விவகாரம் தகுந்த அதிகாரமுள்ள நீதிமன்றத்தில் வழக்காகித் தீர்ப்புக்கும் உள்ளாகும் இடத்தில். நீதிமன்றம் தரப்பினரிடம் முழுவதையும் முன்வைக்கச் சொல்கிறது. மேலும் அனுமதிக்காது. சிறப்பான சூழ்நிலைகளில் தவிர. அதே தரப்பினரை, அதே வழக்குப் பொருளை மீண்டும் எடுக்க. எதைக் கொண்டு? முன்பே வைத்திருக்கக்கூடிய ஒன்றைக் கொண்டு. ஆனால் வைக்கப்படாமல் போனது. ஏன் போனது? அசட்டையாலோ, கவனப்பிசகாலோ, தற்செயலாலோ விட்டுவிட்டதால் மட்டுமே.

இப்படிப் பரப்பியதும் முதுகெலும்பு தெரிந்துவிடும். செய்பவர் ஒருவர்தான்: நீதிமன்றம். வினைகள் இரண்டுதான்: முழுவதையும் வைக்கச் சொல்கிறது, மறுபடி எடுக்க அனுமதிக்காது. மற்ற அத்தனையும் இந்த இரண்டு வினைகளில் ஏதாவது ஒன்றின்மேல் தொங்குகிற நிபந்தனை. நான் தாளில் இந்த இரண்டு வினையையும் வட்டமிட்டுவிட்டு, ஒவ்வொரு நிபந்தனையிலிருந்தும் அது சேரும் இடத்துக்கு ஒரு கோடு இழுப்பேன். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். ஆனால் அந்தக் கோடுகளைத்தான் கடைசியில் சரிபார்க்கப் போகிறோம்.

அப்படியே பெயர்த்தால் என்ன ஆகும்

புதிதாக வருபவர் பெரும்பாலும் எழுதுவது இப்படி இருக்கும்:

"இந்தக் கேள்வியை விசாரிக்கையில், தகுதிவாய்ந்த அதிகாரவரம்புடைய நீதிமன்றம் ஒன்றில் ஒரு குறிப்பிட்ட விவகாரம் வழக்குக்கும் அதனால் தீர்ப்புக்கும் பொருளாகும்போது, அவ்வழக்கின் தரப்பினர் தம் முழு வழக்கையும் முன்கொணர வேண்டுமென நீதிமன்றம் கோருகிறது என்றும், அலட்சியத்தாலோ கவனமின்மையாலோ அல்லது விபத்தாலோ கூடத் தம் வழக்கின் பகுதியை விட்டுவிட்டதால் மட்டுமே முன்கொணரப்படாத, ஆனால் போட்டியிலுள்ள பொருளின் பகுதியாக முன்கொணரப்பட்டிருக்கக்கூடிய விஷயம் தொடர்பாக அதே வழக்குப் பொருளைத் திறக்க அதே தரப்பினரை (சிறப்புச் சூழல்களில் தவிர) அனுமதிக்காது என்றும் கூறும்போது நீதிமன்றத்தின் விதியைச் சரியாகவே கூறுகிறேன் என நம்புகிறேன்."

இலக்கணப் பிழை என்று எதையும் காட்ட முடியாது. ஆனாலும் படிக்கிறவர் பாதியில் மூச்சுமுட்டி நின்றுவிடுவார். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் முதலில் வந்துவிடும், அதை விளக்கும் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குப் பின்னால் வரும். படிப்பவருக்கு எதைப் பற்றிய பேச்சு என்று முதலிலேயே தெரிந்துவிடுகிறது. தமிழில் விளக்கம் முழுவதும் பெயருக்கு முன்னால் வர வேண்டும், வினையோ கடைசியில் வரும். "முன்கொணரப்படாத", "முன்கொணரப்பட்டிருக்கக்கூடிய" என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், "விஷயம்" என்ற சொல் வரும்வரை வாசகர் எல்லாவற்றையும் கையில் ஏந்தியபடி நிற்க வேண்டும். இரண்டு பெயரெச்சம்வரை தாங்கும். அதற்குள்ளேயே ஒரு காரணமும் ஒரு விதிவிலக்கும் ஏறினால் தாங்காது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஆங்கிலத்தில் தலையில் இருந்த "நம்புகிறேன்" தமிழில் வாலுக்குப் போய்விட்டது. ஆறு வரி தாண்டித்தான் இது நீதிபதி தன் வாயால் எடுத்துரைக்கும் விதி என்றே தெரிகிறது.

சொற்களைப் பார்ப்போம். "முழு வழக்கு" என்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஆங்கில 'கேஸ்' என்ற சொல் இந்தச் சின்னப் பத்தியிலேயே இரண்டு வேலை செய்கிறது. தரப்பினர் முன்வைக்க வேண்டிய முழுக் 'கேஸ்' என்பது, அவர்கள் தங்கள் பக்கம் சொல்ல வேண்டிய எல்லாம்: கோரிக்கை, காரணம், ஆதாரம், வாதம். நீதிமன்றத்தில் எண்ணிட்டுப் பதிவாகும் வழக்கு அங்கே பேச்சில் இல்லை. அடுத்த வாக்கியத்தில் "சிறப்பான கேஸ்களில் தவிர" என்று வரும். அங்கே அதன் பொருள் நேர்வு, அதாவது ஒரு குறிப்பிட்ட நிலைமை. இரண்டு இடத்திலும் 'வழக்கு' என்று போட்டால், சில சிறப்பு வழக்குகளுக்குச் சட்டமே வேறு என்பது போல ஆகிவிடும்.

'ஆக்சிடென்ட்' விபத்து ஆனதும் இதே கதை. சாலையில் அடிபட்டதால் வாதத்தை முன்வைக்க முடியாமல் போனவரையும் நீதிமன்றம் மன்னிக்காது என்று ஒரு வாசகர் புரிந்துகொண்டால் அவர்மேல் குற்றமில்லை. அங்கே சொல்லப்படுவது தற்செயலாக விடுபட்டுப்போவது. 'கோர்ட் ஆஃப் காம்பிடன்ட் ஜூரிஸ்டிக்‌ஷன்' என்பதில் திறமைக்கும் தகுதிக்கும் வேலையே இல்லை. அந்த விவகாரத்தை விசாரிக்கச் சட்டப்படி அதிகாரம் உள்ள நீதிமன்றம், அவ்வளவுதான். 'போட்டியிலுள்ள பொருள்' பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

எங்கே உடைக்கலாம், எங்கே கூடாது

உடைக்கும் இடத்தை முதுகெலும்புதான் காட்டும். வினை இரண்டு, முன்னுரை ஒன்று. ஆக மூன்று வாக்கியம். முன்னுரையைத் தனியாக முடித்துவிட்டு, "அவ்விதி இது" என்று ஒரு முக்காற்புள்ளி வைத்தால், பின்னால் வருவது எல்லாம் அதன் கீழ் அடங்கும். 'அவ்வழக்கு', 'அவ்வாறு', 'அதே தரப்பினர்' போன்ற சுட்டுகள்தான் உடைந்த துண்டுகளைப் பிடித்துவைத்திருக்கும் ஆணிகள். சுட்டு இல்லாமல் உடைத்தால், இரண்டாவது வாக்கியம் முதலாவதின் நிபந்தனையிலிருந்து கழன்றுவிடும்.

நான் இப்படி எழுதுவேன்:

"இந்தக் கேள்வியைத் தீர்மானிப்பதில், நீதிமன்றம் பின்பற்றும் விதியைச் சரியாகவே எடுத்துரைக்கிறேன் என நம்புகிறேன். அவ்விதி இது: ஒரு விவகாரம், அதை விசாரிக்க அதிகாரமுள்ள நீதிமன்றத்தில் வழக்காகி, அந்நீதிமன்றத்தின் தீர்ப்புக்கும் உள்ளாகும்போது, அவ்வழக்கின் தரப்பினர் தங்கள் பக்கம் சொல்ல வேண்டிய அனைத்தையும் முன்வைத்தாக வேண்டும் என நீதிமன்றம் விதிக்கிறது. வழக்குப் பொருளின் பகுதியாக அவ்வழக்கிலேயே முன்வைத்திருக்கக்கூடியதாக இருந்தும், அசட்டையாலோ, கவனப்பிசகாலோ, ஏன், தற்செயலாகவோகூட ஒரு பகுதியை விட்டுவிட்டதால் மட்டுமே முன்வைக்கப்படாமல் போன விஷயத்தைக் கொண்டு, அதே வழக்குப் பொருளை மீண்டும் கிளற அதே தரப்பினரை, தனிச்சிறப்பான சூழ்நிலைகளில் தவிர, நீதிமன்றம் அனுமதிக்காது."

கடைசி வாக்கியம் இன்னும் நீளம்தான். அதையும் உடைக்கலாமே என்று கை துறுதுறுக்கும். "சில விஷயங்களை முன்பே வைத்திருக்க முடியும். ஆனால் அசட்டையால் விட்டுவிடுகிறார்கள். அவற்றை மறுபடி எழுப்ப நீதிமன்றம் அனுமதிக்காது." படிக்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஆனால் இதில் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. முதல் இரண்டு துண்டுகளும் மூலத்தில் நிபந்தனைகள். இங்கே அவை நடப்பைச் சொல்லும் செய்திகளாகிவிட்டன. எந்த விஷயத்துக்குத் தடை, எதற்கு இல்லை என்று வேலி போடும் தொடர்களைத் தனி வாக்கியமாக்கக் கூடாது. வேலிக்கும் வயலுக்கும் நடுவே முற்றுப்புள்ளி விழக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'மட்டுமே' பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் 'ஒன்லி பிகாஸ்' என்று வரும் இடத்தை இரண்டு விதமாகப் படிக்கலாம். விஷயம் முன்வைக்கப்படாமல் போனதற்கு ஒரே காரணம் அசட்டை என்பது ஒன்று. அசட்டையால் விட்டுவிட்டோம் என்கிற ஒரே காரணத்துக்காக மறுபடி அனுமதிக்க மாட்டோம் என்பது இன்னொன்று. ஆங்கிலம் இரண்டுக்கும் நடுவே சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறது. தமிழில் அந்த வசதி இல்லை. 'மட்டுமே' எந்தச் சொல்லை ஒட்டி நிற்கிறதோ அதைத்தான் அது பிடிக்கும். நான் முதல் பொருளை எடுத்தேன், ஏனென்றால் மூலத்தில் அந்தத் தொடர் 'முன்வைக்கப்படாமல் போன' என்பதற்கு அடுத்து நிற்கிறது, 'அனுமதிக்காது' வெகுதொலைவில் இருக்கிறது. இப்படி ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க நேரும்போது, மொழிபெயர்ப்போடு கொடுக்கும் குறிப்பில் அதைச் சொல்லிவிடுவது முறை. படிப்பவர் வழக்கறிஞராக இருந்தால் அந்த ஒரு சொல்லை வைத்தே வாதாடக் கூடும்.

இரண்டாவது வாக்கியமும் லத்தீனும்

இனி 'ரெஸ் ஜுடிகாட்டா' வரும் வாக்கியம். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'தீர்க்கப்பட்ட விஷயம்' என்று பொருள். ஆனால் மூலத்தில் அது தனியாக வரவில்லை; 'ப்ளீ' என்ற சொல்லோடு வருகிறது. அதாவது, எதிர்த்தரப்பு எழுந்து "இது ஏற்கெனவே தீர்ந்த விஷயம், மறுபடி விசாரிக்கக் கூடாது" என்று எழுப்பும் எதிர்வாதம். "தீர்க்கப்பட்ட விஷயத்தின் வாதம்" என்று எழுதினால், எந்த விஷயம், யாருடைய வாதம் என்று வாசகர் முழிப்பார். சட்டத் தமிழில் புழங்கும் 'முன்தீர்ப்புத் தடை' என்ற தொடர் லத்தீன் சொற்களைப் பெயர்க்கவில்லை, அந்தக் கோட்பாடு செய்யும் வேலையைப் பெயர்க்கிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

"தனிச்சிறப்பான நேர்வுகள் நீங்கலாக, முன்தீர்ப்புத் தடை (ரெஸ் ஜுடிகாட்டா) என்னும் எதிர்வாதம், நீதிமன்றம் கருத்துக்கொண்டு தீர்ப்புரைக்க வேண்டும் எனத் தரப்பினர் உண்மையிலேயே கேட்டுக்கொண்ட விஷயங்களுக்கு மட்டுமல்லாமல், முறைப்படி அவ்வழக்குப் பொருளைச் சேர்ந்ததும், தரப்பினர் நியாயமான சிரத்தை காட்டியிருந்தால் அப்போதே முன்வைத்திருக்கக்கூடியதுமான ஒவ்வொரு விஷயத்துக்கும் பொருந்தும்."

இதை நான் உடைக்கவே இல்லை. முதலில் உடைத்துத்தான் எழுதினேன்: "கேட்டுக்கொண்ட விஷயங்களுக்கு மட்டும் பொருந்துவதன்று. ... ஒவ்வொரு விஷயத்துக்கும் பொருந்தும்." அப்புறம்தான் விதிவிலக்கை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. முதல் வாக்கியத்தின் தலையில் வைத்தால் இரண்டாவதற்கு அது போய்ச் சேரவில்லை. கடைசியில் "சில நேர்வுகள் இதற்கு விலக்கு" என்று வைத்தால், 'இதற்கு' என்பது பக்கத்து வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது. மூலத்தில் அது இரண்டு பகுதிகளின் மேலும் குடையாக விரிந்திருக்கிறது. 'மட்டுமல்லாமல்' என்ற சொல் தமிழில் இருக்கும்போது உடைப்பானேன்? நீளமான வாக்கியம் எல்லாமே கெட்ட வாக்கியம் இல்லை; எழுவாய் சீக்கிரம் வந்து, தொங்கும் தொடர்கள் ஒரே சாய்வில் இறங்கினால் வாசகர் கூடவே வருவார்.

'சேர்ந்ததும்', 'முன்வைத்திருக்கக்கூடியதும்' என்ற இரண்டு 'உம்'களைக் கவனியுங்கள். இரண்டு நிபந்தனையும் ஒருசேர இருக்க வேண்டும். முன்வைத்திருக்க முடியும், ஆனால் அந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்றால் தடை இல்லை. இந்தியாவின் 1908 உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில், நான்காம் விளக்கம் இதே எண்ணத்தைச் சொல்லும்போது, முன்வைத்திருக்கக்கூடியதும் முன்வைத்திருக்க வேண்டியதும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. அங்கே 'உம்' போய் 'அல்லது' வந்துவிட்டால் சட்டமே மாறிவிடும். மொழிபெயர்ப்பில் பெரிய சொற்கள் பிழையானால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். 'உம்'மும் 'அல்லது'வும் மாறினால் யார் கண்ணிலும் படாது.

மற்ற லத்தீன் தொடர்களை என்ன செய்வது

எல்லா லத்தீனையும் ஒரே மாதிரி நடத்த வேண்டாம். தீர்ப்பில் வரும் லத்தீனில் ஒரு பகுதி வெறும் பழக்கத்தால் வருவது. 'இன்டர் அலியா' என்றால் 'பிறவற்றோடு', 'மற்றவற்றுக்கிடையே'. 'மூட்டாட்டிஸ் மூட்டாண்டிஸ்' என்றால் 'தேவையான மாற்றங்களோடு'. இவற்றுக்குப் பின்னால் கோட்பாடு எதுவும் இல்லை. தமிழில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம், லத்தீனை அடைப்புக்குறிக்குள் காட்டவும் தேவையில்லை. ஆனால் விட்டுவிடக் கூடாது. "பிறவற்றோடு இந்தக் காரணத்தையும் மனுதாரர் சொன்னார்" என்பதில் 'பிறவற்றோடு' விழுந்துவிட்டால், அவர் சொன்னது அந்த ஒரு காரணம் மட்டும்தான் என்றாகிவிடும்.

ரெஸ் ஜுடிகாட்டா போலக் கோட்பாட்டின் பெயராக நிற்பவை வேறு இனம். இவற்றுக்கு நிலைத்த தமிழ்ச் சொல் இருக்கிறதா என்று சட்டச் சொல்லகராதியில் முதலில் பார்க்க வேண்டும். இருந்தால் அதையே எடுத்து, முதல் முறை வரும்போது மட்டும் லத்தீன் ஒலிப்பைப் பக்கத்தில் காட்டி, அதன்பின் ஒவ்வொரு இடத்திலும் அதே தமிழ்ச் சொல்லைத்தான் போட வேண்டும். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுத அலுப்பாகத்தான் இருக்கும். கட்டுரை எழுதும்போது சொல்லை மாற்றி மாற்றிப் போடுவது அழகு; தீர்ப்பில் சொல் மாறினால் பொருளும் மாறியிருக்கிறது என்றுதான் சட்டம் படித்தவர் எடுத்துக்கொள்வார்.

சொல்லின் நேர்ப்பொருளைப் பிடித்துத் தொங்காமல், அது செய்யும் வேலைக்குப் பெயர் வைத்ததற்கு நல்ல உதாரணம் 'ஆட்கொணர்வு'. ஹேபியஸ் கார்ப்பஸ் என்பதன் நேர்ப்பொருள் 'உடல் உன்னிடம் இருக்கட்டும்' என்பது போல வரும். பிடித்துவைத்திருக்கும் ஆளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவா என்பது அதன் வேலை. யார் வைத்த பெயரோ, கச்சிதம்.

எதிர்ப்பக்க உதாரணம் 'எக்ஸ் பார்ட்டே'. இதை 'ஒருதலைப்பட்சத் தீர்ப்பு' என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. எதிர்த்தரப்பு நீதிமன்றத்துக்கு வராததால், வந்த தரப்பை மட்டும் கேட்டு வழங்கிய தீர்ப்பு அது. ஆனால் அன்றாடத் தமிழில் ஒருதலைப்பட்சம் என்றால் பாரபட்சம். நீதிபதி ஒருபக்கம் சாய்ந்துவிட்டார் என்று வாசகர் நினைப்பார். பொது வாசகருக்கு எழுதினால் 'எதிர்த்தரப்பு வராத நிலையில் வழங்கிய தீர்ப்பு' என்று விரித்தே எழுதிவிடுவேன். நாலு சொல் கூடினால் கூடட்டும்.

மூன்றாவது இனம், முழு வாக்கியமாக வரும் முதுமொழிகள். முன்தீர்ப்புத் தடையைப் பேசும் தீர்ப்புகளில் "இன்டெரெஸ்ட் ரெய்பூப்ளிகே உட் சிட் ஃபினிஸ் லிடியும்" என்று ஒன்று அடிக்கடி வரும். வழக்குகளுக்கு ஒரு முடிவு இருப்பது நாட்டின் நலன் என்று பொருள். முதல் சொல்லை ஆங்கிலச் சொல் என்று நினைத்து வட்டி, ஆர்வம் என்று எங்கேயோ போய்விட வேண்டாம். அது லத்தீன் வினைச்சொல். இத்தகைய மேற்கோளை நீதிபதி மேற்கோளாகவே காட்டியிருப்பதால், லத்தீனை ஒலிபெயர்ப்பில் வைத்து உடனே தமிழையும் கொடுப்பதே நல்லது. மூலத்திலேயே அடுத்த வரியில் நீதிபதி ஆங்கிலத்தில் விளக்கியிருந்தால், அந்த விளக்கத்தைத்தான் பின்பற்ற வேண்டும், நம் அகராதியை அல்ல. அவர் புரிந்துகொண்ட பொருள்தான் அந்தத் தீர்ப்பின் பொருள்.

யார் சொன்னது என்பது தொலைந்துபோனால்

நீள வாக்கியத்தை உடைப்பதில் வரும் தவறுகளில் மிக மோசமானது விக்ரமின் பத்தியில் வரவில்லை, அதனால் ஒரு கற்பனை வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறேன். வழக்கறிஞரின் வாதத்தை நீதிபதி தொகுத்துச் சொல்லும் இடம்: "பத்திரம் போலியானது என்றும், கையெழுத்திட்டதாகச் சொல்லப்படும் நாளில் தன் கட்சிக்காரர் வெளிநாட்டில் இருந்தார் என்றும், கீழமை நீதிமன்றம் இந்தச் சான்றைக் கவனிக்கவே இல்லை என்றும் மேல்முறையீட்டாளரின் வழக்கறிஞர் வாதிட்டார்."

இதை உடைப்போம். "பத்திரம் போலியானது என்று மேல்முறையீட்டாளரின் வழக்கறிஞர் வாதிட்டார். கையெழுத்திட்டதாகச் சொல்லப்படும் நாளில் அவருடைய கட்சிக்காரர் வெளிநாட்டில் இருந்தார். கீழமை நீதிமன்றம் இந்தச் சான்றைக் கவனிக்கவே இல்லை."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்கள் இப்போது யாருடைய கூற்று? நீதிமன்றத்தின் முடிவு போல ஆகிவிட்டன. அடுத்த பத்தியில் நீதிபதி இந்த வாதத்தையே நிராகரித்திருந்தால், தீர்ப்பு தனக்குத்தானே முரண்படுவது போலத் தோன்றும். ஆங்கிலத்தில் "அவர் வாதிட்டதாவது" என்ற தலை முதலிலேயே வந்து எல்லாவற்றையும் ஆளும். தமிழில் 'என்று' கடைசியில் வருவதால், முற்றுப்புள்ளி வைத்த கணமே அதன் ஆட்சி முடிந்துவிடுகிறது. ஆகவே உடைக்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உரியவர் பெயரை மறுபடி மாட்ட வேண்டும்: "என்பது அவருடைய அடுத்த வாதம்", "என்றும் அவர் கூறினார்". அல்லது "மேல்முறையீட்டாளர் தரப்பு வாதங்கள் வருமாறு" என்று தொடங்கி, முடியும் இடத்தில் "இவையே அத்தரப்பின் வாதங்கள்" என்று மூடிவிட வேண்டும். திறந்துவிட்டு மூடாமல் போவதும் தவறுதான். நீதிபதியின் சொந்தக் கருத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

சரிபார்ப்பது எப்படி

மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறிமாறிப் பார்த்தால் பிழை தெரியாது. மூலத்தின் பொருள் ஏற்கெனவே தலையில் இருப்பதால், தமிழில் இல்லாததையும் இருப்பதாகவே கண் படித்துக்கொள்ளும். மூலத்தை மூடிவைத்துவிட்டுத் தமிழை மட்டும் ஒரு நாள் கழித்துப் படிக்க வேண்டும். படித்துக்கொண்டே சில கேள்விகளுக்குத் தமிழிலிருந்து மட்டும் பதில் எழுத வேண்டும். விக்ரம் பத்தி என்றால்: யாருக்குத் தடை? அதே தரப்பினருக்கு. எதற்குத் தடை? முன்பே வைத்திருக்கக்கூடிய, வழக்கைச் சேர்ந்த விஷயத்துக்கு. தற்செயலாக விட்டிருந்தாலும் தடையா? ஆம். எப்போதும் தடையா? இல்லை, தனிச்சிறப்பான சூழ்நிலைகள் உண்டு. இதைச் சொல்வது யார்? நீதிபதி, தன் வாயால்.

அப்புறம் முதலில் இழுத்த கோடுகளுக்கு வர வேண்டும். மூலத்தில் எத்தனை நிபந்தனை, எத்தனை விதிவிலக்கு என்று எண்ணி, தமிழிலும் அத்தனை இருக்கிறதா, அதே வினையின்மேல்தான் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் எதையோ விழுங்கிவிட்டோம். கூடினால் நம் விளக்கத்தை நீதிபதியின் வாயில் திணித்துவிட்டோம்.

வாக்கியங்களை உடைத்தாலும் பத்தி எண்களை மாற்றக் கூடாது. தீர்ப்புகளை இத்தனையாவது பத்தி என்று எண் சொல்லித்தான் காட்டுவார்கள். மூலத்தின் பன்னிரண்டாம் பத்தியில் இருக்கும் ஒரே வாக்கியம் தமிழில் ஐந்தாகலாம், ஆனால் ஐந்தும் பன்னிரண்டாம் பத்திக்குள்ளேயே இருக்க வேண்டும். அப்போதுதான் சந்தேகம் வந்தவர் நேராக மூலத்தின் அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்க முடியும்.